ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை ஏன் எடுத்தீர்கள்? வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியும் விடையும்

புறத்தேர்வாளர்: உங்கள் ஆய்வேட்டின் தலைப்பு "புதுச்சேரிக்கு வந்த சேதிகள், 1744–1749". பிரெஞ்சுக் கம்பெனியின் ஆவணங்கள் இருக்கின்றன, சென்னையில் ஆங்கிலேயர் எழுதி வைத்தவை இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஆனந்தரங்கப் பிள்ளை என்ற புதுச்சேரி வணிகர் ஒருவரின் நாட்குறிப்பை முதன்மைச் சான்றாக ஏன் வைத்தீர்கள்? அதனால் ஆய்வேட்டில் என்ன மாறியது?

ஆய்வாளர்: வணக்கம் ஐயா. அவற்றை விட்டுவிடவில்லை, இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஆய்வுக் கேள்வி. ஒரு நிகழ்ச்சி நடந்ததா என்று கேட்டால் கம்பெனி ஆவணமே போதும். அது நடந்தது என்று ஊரில் இருந்தவருக்கு எந்த நாளில், யார் வாய்வழி தெரிந்தது என்று கேட்டால் அங்கே விடை கிடைக்காது. புதுச்சேரிக் கவுன்சில் பாரிசுக்கு எழுதிய கடிதங்கள் கப்பல் புறப்படும் காலத்தை ஒட்டி, நடந்ததையெல்லாம் தொகுத்து, தங்கள் முடிவுக்கு நியாயம் சொல்லும் வகையில் எழுதப்பட்டவை. பொய்யென்று பிறகு தெரிந்த சேதி அவற்றில் பெரும்பாலும் இடம்பெறாது. பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்பில் பொய்ச் சேதியும் வந்த நாளோடு பதிவாகி நிற்கிறது. ஆய்வேட்டுக்கு வேண்டியது அதுதான்.

முதலில் சமர்ப்பித்த ஆய்வுத் திட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை. 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொன்னே சென்னையைப் பிடித்ததைத் தமிழ்ச் சான்றிலிருந்து திருப்பி எழுதுவதுதான் திட்டம். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று: பிள்ளை அந்த முற்றுகையைக் கண்ணால் பார்க்கவில்லை, புதுச்சேரியில் இருந்து கேட்டார். போர்க்களச் சாட்சியாக வைத்தால் அவர் பலவீனமான சாட்சி. சேதி வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக வைத்தால் அவருக்கு இணையில்லை. கேள்வியை மாற்றியது சான்றின் இந்த இயல்புதான். இரண்டாம் இயல் முழுவதும் அதற்குப் பிறகு எழுதப்பட்டது.

முறை இப்படி: சேதி வரும் ஒவ்வொரு பதிவுக்கும் ஆறு கட்டங்கள். பதிவின் நாள், சொன்னவர், வந்த வழி (கடிதம், ஓலை, ஆள், கப்பல்), நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாள், பிற ஆவணம் தரும் நாள், பின்னால் உறுதியானதா மறுக்கப்பட்டதா. முதல் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் உள்ள இடைவெளிதான் தாமதம்.

கணக்கு முதலில் பிசகியதும் இந்த ஐந்தாம் கட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் நாள்காட்டியில் எழுதினார்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை ஜூலியனில் எழுதினார்கள். வித்தியாசம் 11 நாள். சென்னை சரணடைந்தது ஆங்கிலக் கணக்கில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. மாற்றாமல் கழித்தால் சென்னையிலிருந்து வந்த எல்லாச் சேதியின் தாமதமும் 11 நாள் ஊதிப்போகும். ஒரே நாளில் வந்த சேதி 12 நாள் நடந்து வந்ததாகத் தெரியும். போதாக்குறைக்கு ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. அவர்கள் 1747 பிப்ரவரி என்று எழுதினால் நமக்கு அது 1748.

இதற்கு நாட்குறிப்பிலேயே ஒரு சரிபார்ப்பு உண்டு. பிள்ளை தமிழ் ஆண்டு, மாதம், கிழமை கொடுக்கிறார். நாள்காட்டி எதுவானாலும் கிழமை மாறாது. சரணடைந்த நாள் இரண்டு கணக்கிலும் புதன்தான். தமிழ்க் கணக்கில் அட்சய ஆண்டுப் புரட்டாசி. கிழமை ஒத்துவராத பதிவு எதுவும் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை.

புறத்தேர்வாளர்: ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக இருக்கிறதே. அது போதாதா?

ஆய்வாளர்: 1904 முதல் 1928 வரை வெளியான அந்தத் தொகுதிகள் தேடுவதற்கு உதவின. எந்த நாளில் எந்தச் சேதி என்று கண்டுபிடிக்க அவற்றைப் பொருளடைவாகப் பயன்படுத்தியிருக்கிறேன். மேற்கோள் எல்லாம் தமிழிலிருந்துதான். காரணம் இலக்கணம் ஐயா. தமிழில் "வந்தான்" வேறு, "வந்தானாம்" வேறு. "என்று சொன்னான்" என்பதும் "என்று சொல்லிக்கொள்கிறார்கள்" என்பதும் ஒன்றல்ல. ஒன்றில் சொன்னவன் பொறுப்பாளி, மற்றதில் யாரும் பொறுப்பில்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த வேறுபாடு கரைந்துபோக இடமுண்டு. "சொன்னவர்" என்ற கட்டத்தை மொழிபெயர்ப்பை வைத்து நிரப்பியிருந்தால் மூன்றாம் இயலே தவறாகியிருக்கும். தமிழ்ப் பதிப்பும் கையெழுத்துப் படிகளின் வழியே வந்ததுதான். ஆகவே ஒரு சொல்லை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை.

இடைவெளிகளும் உண்டு. தொடர்ந்து நாட்கள் இல்லாமல் போய், பிறகு வரும் முதல் பதிவில் ஒரு சேதி இருந்தால் அது அன்றுதான் வந்தது என்று சொல்ல முடியாது. அந்த நாளுக்குள் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். அப்படிப்பட்டவற்றைச் சராசரியில் சேர்க்காமல் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறேன்.

புறத்தேர்வாளர்: ஒருவர் காதில் விழுந்ததை ஊருக்கே தெரிந்ததாக எழுதலாமா?

ஆய்வாளர்: எழுதக்கூடாது. முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது. நெறியாளர் அதில்தான் சிவப்பு மையிட்டார். 1746 பிப்ரவரியில் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த கனகராய முதலியார் இறக்கிறார். 1747இல் பிள்ளை அந்தப் பதவிக்கு வருகிறார். அதற்குப் பிறகு சேதிகள் விரைவாகவும் அதிகமாகவும் வருவதாக அட்டவணை காட்டியது. போர்க்காலத்தில் சேதிப் போக்குவரத்து பெருகியதென்று அதற்கு விளக்கமும் எழுதியாயிற்று. உண்மையில் பெருகியது சேதியா, கேட்டவரின் பதவியா என்று அந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. ஆகவே மூன்றாம் இயலை இரண்டாக உடைத்தேன்: வணிகராக இருந்தபோது கேட்டவை, துபாஷியாகக் கேட்டவை. இரண்டையும் ஒப்பிட்டு எந்த முடிவும் சொல்லவில்லை. முடிவுரையில் "புதுச்சேரி அறிந்தது" என்ற தொடரே கிடையாது. "பிள்ளைக்கு எட்டியது" என்றுதான் இருக்கும்.

அதே காரணத்தால் 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை யார் செய்வித்தார் என்ற வாதத்துக்கு இந்த நாட்குறிப்பை ஆதாரமாக வைக்கவில்லை. கவர்னர் துய்ப்ளேயின் மனைவி மீது பிள்ளைக்கு இருந்த பகை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்த அம்மையார் மீது பிள்ளை சொல்லும் குற்றத்தைத் தனியாகச் சோதிக்காமல் ஏற்க முடியாது. இடிப்பு நடக்கும்போது சேதி சொல்ல யார் யார் பிள்ளையிடம் வந்தார்கள், எந்த வரிசையில் வந்தார்கள் என்பதற்கு மட்டும் அது நான்காம் இயலில் சான்றாகிறது. அந்த வரிசையைப் புனைவதால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை.

புறத்தேர்வாளர்: இந்த நாட்குறிப்பே கிடைக்காமல் போயிருந்தால்?

ஆய்வாளர்: முதலில் திட்டமிட்ட ஆய்வேட்டை எழுதியிருக்கலாம் ஐயா, சென்னை விழுந்த வரலாற்றை. அதற்குக் கவுன்சில் ஆவணங்களும் ஆங்கிலேயர் பதிவுகளும் போதும். இந்தத் தலைப்பில் இரண்டாம், மூன்றாம் இயல்களை எழுத முடியாது. நான்காம் இயலில் பாதி நிற்கும்.