ஒன்பது டம்ளர்

காலை எட்டரைக்கு வாத்தியார் மழைமானியைத் திறப்பார். ஓய்வு பெற்ற 2006-லிருந்து பூம்பாறை வீட்டில் இது நடக்கிறது. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்தி, நோட்டில் எழுதுவார்: 6.4 மி.மீ. பழைய நோட்டுகள் அடுப்புக்கு மேலே பரணில், மலைப்பூண்டோடு புகையேறிக் கிடக்கும்.

பேத்தி யாழினி பதினொன்றாம் வகுப்பு. போர்டில் எழுதிப் போடுவதைப் போனில் படம் பிடித்து வந்துவிடுவாள். அன்றும் அதில்தான் ஆரம்பித்தது.

"கையால எழுதாத பாடம் மண்டையில ஏறாது, பாப்பா."

"நீங்க எழுதினதை எல்லாம் நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கேன், தாத்தா. இல்லேன்னா கரையான் தின்னுரும்."

"புகையில கிடக்கிற நோட்டுக்கு எந்தக் கரையான் வரும்? பூண்டே வருஷம் பூரா கிடக்குது."

யாழினி ஒரு நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பூண்டு வாசம் குப்பென்று வந்தது.

"2018 நவம்பர். 14-லிருந்து 20 வரைக்கும் ஒரு புள்ளிகூட இல்ல, எல்லாம் முழு எண். மையும் ஒரே மை. கஜா அடிச்ச 16-ந் தேதி வெறும் 9 மி.மீட்டராம். ஊர் பூரா மரம் சாஞ்சு கிடந்துச்சே, தாத்தா? காப்பி அடிச்சா பிரம்பு எடுப்பீங்களாமே, அப்பா சொல்லியிருக்காரு."

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன். மதுரையில இருந்தேன். உங்க பாட்டிதான் அளந்தா. திரும்பி வந்து அவ சொன்னதை எழுதினேன். எதையும் மாத்தல."

"புள்ளியை எவ பாத்தா?" என்றது அடுப்படி. "டம்ளர்ல அளந்தேன். அன்னைக்கு ஒம்பது டம்ளர்."

"டம்ளரா! குடுவை என்ன ஆச்சு?"

"அதைத் தொட்டு உடைஞ்சா வீட்டுல யாரு இருக்கிறது?"

அவர் வாய் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் பாட்டி சொல்வது நியாயம்தான். யாழினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "எந்த டம்ளர், பாட்டி?"

எவர்சில்வர் டம்ளர் வந்தது. தண்ணீரை நிரப்பிக் குடுவையில் கவிழ்த்தார்கள். சரியாக 8 மி.மீ.

"நம்ம புனலுக்கு வாய் 200 சதுர சென்டிமீட்டர். இருபது மில்லின்னா ஒரு மி.மீ. டம்ளர் நூத்தறுபது மில்லி. ஒம்போதெட்டு..." யாழினி போனைத் திறப்பதற்குள், "எழுபத்திரெண்டு" என்றார் வாத்தியார். குரலில் பழைய வகுப்பறை வந்துவிட்டது.

யாழினி 72 என்று தட்டினாள். மீதி ஆறு நாளையும் எட்டால் பெருக்க அவளுக்கு ஒரு நொடி ஆனது. தாத்தா நோட்டில் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். நாலாவதில் தடுமாறி அவள் திரையை எட்டிப் பார்த்தார். அவள் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"டம்ளரைக் குடுங்க," என்றாள் பாட்டி. "காபி ஆறுது."