ஆறாம் வகுப்புப் புதிய அறிவியல் பாடநூல்: ஆசிரியர் குழுக் கலந்துரையாடல் வழிகாட்டி

காலம்: அக்டோபர் 2018, முதல் பருவம் முடிந்த பின் வரும் சனிக்கிழமை. 90 நிமிடம்.
இடம்: பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்பறை.
பங்கேற்போர்: இந்நூலை நடத்திய எட்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர்களும் கல்வி அலுவலர்களும் அறையில் இருக்கக் கூடாது. அவர்கள் முன் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

தொடக்கம் (10 நிமிடம்)

நெறியாளர் சொல்ல வேண்டியது: "வணக்கம். உங்கள் பெயரோ பள்ளியின் பெயரோ அறிக்கையில் வராது. நீங்கள் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்கிறோம். இது உங்களைச் சோதிக்க அல்ல, நூலைச் சோதிக்க. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தும் பேசலாம்."

முதல் கேள்வி எல்லோருக்கும்: இந்த நூலில் நீங்கள் மகிழ்ச்சியோடு நடத்திய ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். ஏன் அந்தப் பக்கம்?

பாடமும் நேரமும் (25 நிமிடம்)

பருவத்துக்குள் ஏழு அலகுகளையும் முடிக்க முடிந்ததா?
– எந்த அலகை ஓட்டமாக நடத்தினீர்கள்? எதை விட்டீர்கள்?
– "அளவீடுகள்" அலகில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள்? அப்போது என்ன செய்தீர்கள்?
– "கணினி – ஓர் அறிமுகம்" அறிவியல் நூலுக்குள் வந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் மாணவர் தொடக் கணினி உண்டா? இல்லையென்றால் அந்தப் பாடத்தை எப்படி நடத்தினீர்கள்?

"நன்றாக இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். "கடைசியாக நடத்திய வகுப்பில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கருத்தைவிட நிகழ்ச்சியே நமக்கு வேண்டும்.

செயல்பாடுகள் (25 நிமிடம்)

இதுவே நம் உரையாடலின் மையம். நேரம் போதாவிட்டால் அடுத்த பகுதியைச் சுருக்குங்கள்.

நூலிலுள்ள செயல்பாடுகளில் எவற்றை மாணவர்கள் தங்கள் கையால் செய்தார்கள்?
– பொருள்கள் எங்கிருந்து வந்தன? யார் காசில்?
– செய்யாமல் வாசித்து மட்டும் கடந்தவை எவை? தடுத்தது பொருளா, நேரமா, மாணவர் எண்ணிக்கையா?
– வழக்கமாகப் பேசாத மாணவர் யாராவது அன்று கேள்வி கேட்டாரா? என்ன கேட்டார்?

விரைவுக் குறியீடுகள் (15 நிமிடம்)

நூலில் அச்சிட்டுள்ள QR குறியீடுகளைக் கைப்பேசியில் வருடி வகுப்பில் பயன்படுத்தினீர்களா?
– யாருடைய கைப்பேசி? யாருடைய இணையக் கட்டணம்?
– காணொளி ஓடியபோது மாணவர்கள் பார்த்தார்களா, பேசினார்களா?

அச்சு, படம், தாள் பற்றி ஒரு சுற்றுக் கேள்வி போதும்.

முடிவு (15 நிமிடம்)

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பக்கத்தை நீங்களே மாற்றி எழுதலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? அதுவரை பேசாதவரிடம் முதலில் கேளுங்கள்.

பதிவுக் கருவியை நிறுத்திய பின் தேநீர் கொடுங்கள். உடனே கிளம்ப வேண்டாம். அப்போது சொல்லப்படுவதைக் குறிக்க விரும்பினால், சொன்னவரிடம் அனுமதி கேட்டுக் குறியுங்கள்.