நம்ம குரூப்ல கடைசி மெசேஜ்

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை, தம்பி தங்கச்சிங்க எல்லாரும் இதை முழுசா படிச்சிடுங்க, மன்னார்குடி அத்தைக்கு யாராவது படிச்சுக் காட்டிடுங்க. அப்பாயி வருஷ திதி அன்னைக்கு உக்காந்து பேசுன மாதிரி இந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு குரூப்ப மூடுறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் சித்தி வீட்டுக்கு லைனே கிடைக்கலன்னுதான் இத ஆரம்பிச்சோம், யாருக்கு என்ன தெரிஞ்சாலும் ஒரே இடத்துல போடலாம்னு. கடைசியில யாரோ பக்கத்து வீட்டுக்காரர் நம்பர்லேர்ந்து "மொட்டை மாடில இருக்கோம், எல்லாரும் நல்லா இருக்கோம்"னு வந்துச்சு பாருங்க, அத நான் அப்பாயிக்கு படிச்சப்ப அவங்க நம்பவேயில்ல, திரும்பத் திரும்ப படிக்கச் சொன்னாங்க. மூணு வருஷம் கழிச்சு கஜா புயல்ல பட்டுக்கோட்டை மாமா தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சி கரண்ட் இல்லாம கெடந்தப்ப, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, ஜெனரேட்டர்னு லோடு ஏத்தி மொதல்ல கெளம்புனது அதே முடிச்சூர் சித்தப்பாதான். இதெல்லாம் இந்த குரூப்லதான் ஒவ்வொன்னா பேசி நடந்துச்சு. 2020 லாக்டவுன்ல அக்கா கல்யாணத்துக்கு வர முடியாதவங்க எல்லாரும் இங்க வந்த வீடியோவப் பாத்துத்தான் அட்சதை போட்டீங்க.

அப்பாயி இருந்த வரைக்கும் தெனம் சாயங்காலம் நம்ம வாய்ஸ் மெசேஜ ஒவ்வொன்னா போட்டுக் கேப்பாங்க, யார் கொரல் வரலையோ அவங்களுக்கு திட்டு விழும். அவங்களுக்காகத்தான் நாம அவ்வளவு பேசுனோம்னு நெனைக்கிறேன். இப்ப குட்மார்னிங் படமும் ஃபார்வேர்டும்தான் வருது. அப்பாயி பேசுன எடம் அப்படி ஆகுறத பாக்க எனக்கு மனசு வரல.

நான் ரிமூவ் பண்ணுனாலும் பழைய மெசேஜ் உங்க போன்ல அப்படியே இருக்கும், நீங்களா டிலீட் பண்ணாதீங்க, போன் மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடுங்க. அப்பாயி வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சிருக்கேன், வாட்ஸ்அப் தெரியாதவங்களுக்கு பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன், டிவியில சொருகிக் கேக்கலாம். உங்ககிட்ட என்கிட்ட இல்லாத போட்டோ இருந்தா சனிக்கிழமைக்குள்ள இங்கயே போடுங்க. புயலுக்கு வசூல் பண்ணதுல மீதி இருந்த 6,400 ரூபாய குலதெய்வம் கோயில் மராமத்துக்கு குடுத்தாச்சு, ரசீது பெரியப்பாகிட்ட இருக்கு.

பத்து வருஷமா நைட்டு எத்தனை மணிக்கு கேட்டாலும் யாராவது ஒருத்தர் பதில் போட்டீங்க, அதுக்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் கோயிலுக்கு வந்துடணும். மழை புயல்னா மெசேஜ்க்கு காத்திருக்காம நேரா போன் போடுங்க, என் நம்பர் மாறல. சிங்கப்பூர் அத்தான், நீங்க டிக்கெட்ட இப்பவே போட்டுடுங்க.