புதிய அவுட்லுக்கில் விடுபட்டவை: தயாரிப்புக் குழுவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின் கடிதம்

செக்காலை, காரைக்குடி
17 நவம்பர் 2025

பெறுநர்: அவுட்லுக் தயாரிப்புக் குழு

பொருள்: விண்டோஸ் கணினியில் புதிய அவுட்லுக்குக்கு மாறியபின் கிடைக்காத வசதிகள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக வேலை செய்கிறேன். ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதிக்கான விவரப் பட்டியல், மலேசியாவில் இருக்கும் குடும்பங்களின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் என வேலைகள் எல்லாமே மின்னஞ்சலில்தான் வருகின்றன. அஞ்சல்பெட்டிதான் எனக்குப் பேரேடு. வலது மேல் மூலையில் உள்ள `New Outlook` பொத்தானைத் தள்ளியதும் அந்தப் பேரேட்டில் சில பக்கங்களைக் காணோம்.

முதலாவது, மேக்ரோ. பழைய அவுட்லுக்கில் Alt+F11 அழுத்தி `ThisOutlookSession`-இல் எழுதிய சிறு நிரல், புது அஞ்சல் வந்ததும் இணைப்பை வேலை எண்ணுக்குரிய கோப்புறையில் போட்டுவிடும். அதன் உயிர்நாடி இந்த ஒரு வரி:

```
att.SaveAsFile "D:\Velai\" & velaiEn & "\" & att.FileName
```

(அஞ்சலின் தலைப்பையே கோப்புறைப் பெயராக வைத்தால் `RE:` என்பதிலுள்ள முக்காற்புள்ளியில் இடறும், அதனால்தான் தனி எண்.) புதிய அவுட்லுக்கில் VBA-வே இல்லை, COM வகைக் கூடுதல் செருகிகளும் ஏறுவதில்லை. வலைச் செருகியாக மாற்றி எழுதிக்கொள்ளலாமே என்பீர்கள். அது உலாவிக்குரிய வேலிக்குள் ஓடுவது. D: வட்டில் அதனால் கோப்புறை உண்டாக்க முடியாது. ஆகவே இது மாற்றி எழுதித் தீரும் குறை அல்ல.

இரண்டாவது, சொந்த நெடுவரிசைகள். `Field Chooser` வழியாகச் சொல் எண்ணிக்கை, வீதம், ஒப்படைக்கும் நாள் என மூன்று புலங்களைச் சேர்த்து, அஞ்சல் வரிசையிலேயே "2,340" என்று தட்டி வைக்க முடிந்தது. மாதக் கடைசியில் அந்த வரிசையைப் பார்த்தே விலைப்பட்டியல் போட்டுவிடலாம். இப்போது நிறக் குறிச்சொல்தான் மிச்சம். சிவப்பு நிறத்தைக் கூட்டி எப்படிக் கணக்குப் போடுவது?

மூன்றாவது, `Quick Parts`. "பெற்றேன்" என்று தட்டி F3 அழுத்தினால், வேலை கிடைத்ததற்கான முழுப் பதிலும் விரியும். இப்போதுள்ள `My Templates`-க்கு ஓரப் பலகத்தைத் திறந்து, தேடி, சொடுக்க வேண்டும். கை விசைப்பலகையை விட்டு எலிக்குப் போகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் நாளெல்லாம் நடக்கிறது.

அஞ்சலை இழுத்துக் கோப்புறையில் போட்டால் முன்பு `.msg` ஆக விழும், இப்போது `.eml`. பழைய வேலைக் கோப்புறைகளில் இருவகையும் கலந்து கிடக்கின்றன.

கடைசியாகச் சொல்வது எனக்கு மிக முக்கியமானது. என் அஞ்சல் முகவரி வேறொரு நிறுவனத்தின் IMAP சேவையகத்தில் இருக்கிறது. பழைய அவுட்லுக் அதனுடன் நேராகப் பேசி, அஞ்சலை என் கணினியில் வைக்கும். புதியது அதே அஞ்சலை உங்கள் மேகச் சேவையகத்துக்கும் ஒத்திசைக்கிறது. கணக்கைச் சேர்க்கும்போது அறிவிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் "வேண்டாம், நேராகவே இணை" என்ற வழி அங்கே இல்லை. வாடிக்கையாளரின் ஆவணத்தை மூன்றாம் இடத்தில் வைக்க மாட்டேன் என்று ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இதை ஏற்க முடியாது. அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் ஊருக்கே தெரிய வேண்டிய காகிதம் இல்லை.

இணையம் இல்லாதபோது படிக்கும் வசதியைச் சேர்த்திருப்பது நல்லது. பராமரிப்பு மின்தடை நாளில் ரவுட்டர் அணைந்துவிடும், மடிக்கணினி ஓடும். ஆனால் குறிப்பிட்ட நாட்களின் அஞ்சல் மட்டும் போதாது. போன வருடத்துச் சொற்பட்டியலைத்தான் அன்றைக்குத் தேட வேண்டியிருக்கும்.

இப்போதைக்குப் பொத்தானை மறுபக்கம் தள்ளிப் பழையதற்கே வந்துவிட்டேன். `VbaProject.OTM`, `NormalEmail.dotm` இரண்டும் வட்டில் அப்படியே இருந்ததால் மேக்ரோவும் F3-யும் உடனே வேலை செய்தன.

உங்களிடம் கேட்பவை இவை. IMAP கணக்குகளுக்கு நேரடி இணைப்பைக் கொடுங்கள். சொந்தப் புலங்களையும் F3 விரிவையும் திருப்பித் தாருங்கள். மேக்ரோ வராது என்பது முடிவானால், வந்த இணைப்பைக் குறிப்பிட்ட உள்ளூர்க் கோப்புறையில் சேமிக்கும் ஒரு விதியையாவது `Rules` பட்டியலில் வையுங்கள். பொத்தானைத் தள்ளும்முன், அந்தக் கணினியில் உள்ள மேக்ரோ, செருகி, புலங்களில் எவை ஓடாது என்று ஒரு திரையில் காட்டுங்கள். பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று அறிவித்திருக்கிறீர்கள். அதுவரை திரும்பி வரும் பொத்தானை எடுத்துவிட வேண்டாம்.

சோதனைக்கு மேக்ரோவின் முழு நிரலும் நெடுவரிசை அமைப்பின் திரைப்பிடிப்பும் தேவையென்றால் அனுப்புகிறேன். அவற்றில் வாடிக்கையாளர் விவரம் எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
மெய்யம்மை
ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர்