முதல் வணக்கம்

சரவணன் அந்த மளிகைக் கடையில் வாய் திறந்ததே இல்லை. வேண்டியதை எடுப்பான், கல்லாவில் வைப்பான், திரையில் தெரியும் தொகையைப் பார்த்துப் பணத்தை நீட்டுவான், தலைகுனிந்தபடி வெளியேறுவான். கட்டட வேலைக்கு வந்து மாதங்கள் ஓடியும் அந்த நாட்டு மொழி அவனுக்குப் பிடிபடவில்லை. வேலையிடத்தில் சைகை போதும். தங்கும் அறையில் தமிழ் போதும். ஊரில் ஓயாமல் பேசுகிறவன் இங்கே ஊமையாகிப்போனதை வீட்டாரிடம் சொன்னதில்லை. அதை எப்படிச் சொல்வது?

அந்தத் திங்கட்கிழமை மாலை வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றார். அவர் வணக்கம் சொன்னதும் கல்லாவில் இருந்த பெண் நிமிர்ந்து சிரித்தாள். தினமும் காதில் விழும் சொல்தான். தன் முறை வந்ததும் அதையே சரவணனும் சொன்னான். பயத்தில் குரல் உரக்க வந்துவிட்டது.

அவளும் வணக்கம் சொன்னாள். கூடவே மளமளவென்று ஏதோ கேட்டாள். அவனுக்கு வியர்த்தது. வணக்கத்துக்குப் பிறகும் பேச்சு இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அவள் ஒரு பையைத் தூக்கிக் காட்டி, நிதானமாக மறுபடி கேட்டாள். தலையசைத்தான். தொகையை ஒவ்வோர் இலக்கமாக விரல் விட்டுச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமைக்கு அவன் எவ்வளவு கடன்பட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை மேற்பார்வையாளருக்கும் அதே வணக்கம். தலைக்கவசத்தில் இருந்த எண்ணைச் சொல்லியே கூப்பிட்டுவந்த மனிதர் நின்று, மார்பைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லி, அவன் பெயரைக் கேட்டார். மாலைகளில் கல்லாப் பெண் எண்கள் சொல்லிக்கொடுத்தாள். கற்றதை அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான்.

சனிக்கிழமை சம்பளச் சீட்டு வந்தது. ஓவர்டைமில் நான்கு மணி நேரம் குறைந்திருந்தது. முன்பும் குறைந்ததுண்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். இந்த முறை அலுவலகத்துக்குப் போனான். வணக்கம் சொன்னான். அந்த வரியில் விரல் வைத்து, “நான்கு” என்று அவர்கள் மொழியில் சொன்னான். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார், சரிபார்த்தார், திருத்திக் கையெழுத்திட்டார்.

இரவு விஷயத்தைக் கேட்ட அறைத்தோழர் மாரியண்ணன் வெகுநேரம் பேசவில்லை. அவர் வந்து பல வருடங்கள் ஆகின்றன. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுச் சீட்டுகளை எடுத்தார்.

“தம்பி, இதையும் கொஞ்சம் பார்.”

“பார்க்கலாம் அண்ணே. ஆனால் திங்கட்கிழமை நீங்களும் என்னோடு வர வேண்டும். வணக்கம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”