நம் கணக்கின் 15 நாள் விதி

மாப்பிள்ளைக்கு, போன ஞாயிறு பல்லடத்தில் பேசியதை எழுதியிருக்கிறேன். இனி இதுதான் நம் விதி. நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

குறுகிய கால இலக்கோடு வாங்கிய எந்தப் பங்கும் 15 வர்த்தக நாட்களுக்குள் இலக்கைத் தொடவில்லை என்றால், 15-ஆம் நாள் மாலை 3 மணிக்கும் 3.15-க்கும் இடையில் முழுவதையும் விற்கிறோம். லாபமா நஷ்டமா என்று பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாப்லாஸ் விலை அதற்கு முன்பே வந்துவிட்டால் அன்றே வெளியேறுகிறோம். 15 நாள் இருக்கிறதே என்று காத்திருப்பது இல்லை.

வாங்கிய நாள் பூஜ்யம். அடுத்த வர்த்தக நாள்தான் ஒன்று. திங்கட்கிழமை வாங்கினால், இடையில் விடுமுறை இல்லாதபோது மூன்று வாரம் கழித்து வரும் திங்கள் 15-ஆம் நாள். விடுமுறையை நம் ஊர் காலண்டரில் பார்க்காமல் பங்குச் சந்தையின் பட்டியலில் பாருங்கள். பொங்கலுக்கு நாம் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருப்போம், மும்பையில் பெரும்பாலும் வர்த்தகம் நடக்கும். தீபாவளியையொட்டி நடக்கும் முகூர்த்த வர்த்தகத்தை நாளாக எண்ண வேண்டாம்.

ஏன் 15? நோட்டில் எழுதிய வியாபாரங்களில் இலக்கைத் தொட்டவை 19. அவற்றில் 16 பன்னிரண்டு நாட்களுக்குள் தொட்டன. 15-ஐத் தாண்டித் தொட்டவை இரண்டே. அந்த இரண்டுக்காக மற்ற எல்லாவற்றையும் கட்டிக் காப்பதா? பண்ணையில் நாம் இதைத் தினமும் பார்க்கிறோமே. பிராய்லர் 40 நாள் சுமாருக்கு எடையேறிவிடும். அதற்கு மேல் ஷெட்டில் வைத்தால் தீவனம் போகும், அந்த அளவுக்கு எடை ஏறாது. அடுத்த குஞ்சு இறக்க இடமும் இருக்காது. வண்டி வந்த அன்றே பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். பங்கில் மட்டும் ஏன் மனசு இழுக்கிறது?

எனக்கு இழுத்தது. மஞ்சள் விற்ற பணத்தில் அம்மணி கொடுத்த 1,20,000 ரூபாயை மூன்று வாரக் கணக்கில் ஒரு பங்கில் போட்டேன். அது இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஸ்டாப்லாஸும் தொடாததால் விற்கக் காரணம் கிடைக்கவில்லை. தையில் வாங்கியதை ஆடியில் நஷ்டத்துக்கு விற்றேன். அந்த ஏழு மாதத்தில் கண்ணில் பட்ட நல்ல வாய்ப்பு ஒன்றுக்கும் கையில் பணமில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. 15-ஆம் நாள் விலை, வாங்கிய விலைக்கும் இலக்குக்கும் நடுப்புள்ளியைத் தாண்டியிருந்தால் மேலும் 5 நாள் தருகிறோம். அன்றே ஸ்டாப்லாஸை வாங்கிய விலைக்கு உயர்த்திவிட வேண்டும். 20-ஆம் நாளுக்குப் பிறகு நீட்டிப்பு கிடையாது. உதாரணம்: 412-க்கு 100 பங்கு, ஸ்டாப்லாஸ் 396, இலக்கு 452. நடுப்புள்ளி 432. 15-ஆம் நாள் 417-இல் நின்றால் விற்றாக வேண்டும். 500 ரூபாய் லாபத்தில் பரிவர்த்தனை வரியே இரு பக்கமும் சேர்த்து 83 ரூபாய் போகும், மற்ற கட்டணங்கள் தனி. போகட்டும், 41,000 சொச்சம் விடுதலையாகிறதே. 435-இல் நின்றால் 5 நாள் பொறுக்கலாம்.

சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று நடுவில் கூடுதலாக வாங்கக் கூடாது. வாங்கினால் நாள் கணக்கு குழம்பிவிடும். விற்ற பங்கை 5 வர்த்தக நாட்களுக்குத் திரும்பத் தொடக் கூடாது. விற்ற மறுநாளே அது ஏறலாம், ஏறும். அதற்காக விதியைத் திருத்தப் போவதில்லை. லோயர் சர்க்யூட்டில் சிக்கி வாங்க ஆளில்லாமல் போனால், அடுத்த நாள் 9.15-இலிருந்து விற்பனை ஆர்டர் போட்டபடியே இருக்க வேண்டும், விற்கும் வரை.

இலக்கும் ஸ்டாப்லாஸும், விலை வந்ததும் தானாகப் போகும் ஜிடிடி ஆர்டரில் கிடக்கும். ஆனால் அதற்கு விலை தெரியும், நம் நாள் கணக்கு தெரியாது. ஆகவே வாங்கிய அன்று இரவே, பண்ணை வீட்டுத் தினசரி காலண்டரில் 15-ஆம் நாள் தாளில் பங்கின் பெயரையும் நடுப்புள்ளியையும் சிவப்பு மையில் நீங்கள் எழுதுங்கள். அந்த நாள் 2.45-க்கு எனக்குப் போன் செய்யுங்கள். நான் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாலும் எடுப்பேன். "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா" என்று நான் கேட்டால், "வேண்டாம் மச்சான்" என்று சொல்லிவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். விற்றதும் ஜிடிடியை ரத்து செய்வது என் வேலை. மறந்தால் கையில் இல்லாத பங்கை விற்கும் ஆர்டர் போய்விடும்.

வரும் திங்கள் முதல் நடைமுறை. இப்போது கைவசம் இருக்கும் மூன்றில் ஒன்றுக்கு 22 நாள் ஆகிவிட்டது. திங்களன்று 3 மணிக்கு அதை விற்கிறேன்; 2.45-க்கு உங்கள் போன் வர வேண்டும்.