எட்டு எங்கேயும் ஓடிடாது

மாலதி, லைசென்ஸ் டெஸ்ட்ல எட்டு போடுறப்போ கால் ஊனி ரெண்டாவது தடவையும் போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி. கால் ஊனுனதுக்கு எல்லாம் கண்ணு கலங்குவாங்களா? ஆர்டிஓ ஆபீஸ் தரையில உன் கால் மட்டுமா பட்டிருக்கு!

நீ சொன்னத வச்சுப் பாத்தா கோளாறு ஒண்ணுதான். வளைவுல பயந்து ஆக்சிலேட்டர மொத்தமா விட்டுடுற. வேகம் செத்ததும் ஸ்கூட்டி உள்பக்கமாச் சாயும், கால் தானா இறங்கிடும். அதனால ஆக்சிலேட்டர ஒரே அளவுல லேசாப் பிடிச்சுக்க, வேகத்த இடது கை பின் பிரேக்கால மட்டும் அடக்கு. வளைவுல முன் பிரேக்கத் தொட்டா ஹேண்டில் மடங்கிடும். முன் டயரக் குனிஞ்சு பாக்காத, அடுத்து திரும்பப் போற இடத்தப் பாரு. வண்டி கண்ணு போற பக்கம்தான் போகும்.

ஏழு நாள் கழிச்சு மறுபடி போகலாம். எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும், உனக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. மூணாவதும் போனாத்தான் அறுபது நாள் காத்திருக்கணும், அதுவரைக்கும் விட மாட்டோம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு கிரவுண்டுக்கு வா. சாக்பீஸ் நான் கொண்டு வரேன், எட்டு போட்டுப் பழகலாம். டிபன் உன் செலவு.